ஷூவின் உள்ளட்டையை உருவிப் பாருங்கள்

பள்ளி ஷூ வாங்கும்போது முன்பக்கத்தை அழுத்திப் பார்ப்பது நம் வழக்கம். ஆனால் அழுத்தியதும் குழந்தை விரல்களை உள்ளே மடக்கிக்கொள்ளும். இல்லாத இடம் இருப்பதுபோலத் தெரியும். அதைவிட நம்பகமான வழி, ஷூவுக்குள் இருக்கும் அட்டையை வெளியே எடுத்து, சாக்ஸ் போட்ட காலோடு குழந்தையை அதன்மேல் நிற்க வைப்பது. உட்கார்ந்திருக்கும்போது அளந்தால் போதாது. உடல் எடை இறங்கியதும் பாதம் நீண்டு அகலும். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும் என்பதால் அப்போது வாங்குவது நல்லது.

குதிகாலை அட்டையின் பின்விளிம்போடு சேர்த்து வைத்து, மிக நீண்ட விரலுக்கு முன்னால் சுமார் 12 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா பாருங்கள். இரு கால்களில் பெரியதற்கே அளவு எடுக்க வேண்டும். ஐந்து வயதுக் குழந்தையின் பாதம் 170 மில்லிமீட்டர் என்றால், அட்டை 182 இருக்கலாம். மாதம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளரும் வயது அது; ஆறு மாதத்தில் இடைவெளி பாதியாகிவிடும். அப்போது அடுத்த ஷூவுக்குத் தயாராகலாம். ‘இரண்டு வருஷம் வரட்டும்’ என்று பெரிதாக வாங்கினால் குதிகால் வழுகும், குழந்தை விரல்களால் பற்றிப் பற்றி நடக்கும்.

பாதம் அட்டையின் பக்கங்களில் வழிந்தால் அகலம் போதாது. நீளமான ஷூ அதற்குத் தீர்வல்ல. அகலமான வார்ப்பு வேண்டும். கடைசியாக ஷூவை வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் எளிதாக வளைய வேண்டும். நடுவில் இரண்டாக மடிந்தால் வேண்டாம்.