பன்னிரண்டு மணிக்கு ஒரு அட்டை

பெண்கள் விடுதியில் கையால் வரைந்த வாழ்த்து அட்டைக்கு முதலில் கிடைப்பது பாராட்டு. காசு அவ்வளவு சீக்கிரம் வராது. சென்னை விடுதி ஒன்றில் தங்கிப் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் கதையாக இதைப் பார்க்கலாம். முதல் ஆண்டில் அறைத்தோழிகளின் பிறந்தநாளுக்கெல்லாம் அவள்தான் அட்டை வரைந்தாள். “கடையில வித்தா நூறு ரூபாய்க்குப் போகும்டி” என்றார்கள். யாரும் பத்து ரூபாய் நீட்டவில்லை. ஒருமுறை இலவசமாகக் கொடுத்த பொருளுக்கு அதே ஆளிடம் விலை சொல்வது கடினம். அவளுக்கும் வாய் வரவில்லை.

பொங்கலுக்கு முன் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போனாள். காகிதக் கடைகளும் கல்யாணப் பத்திரிகைக் கடைகளும் நெருக்கியடிக்கும் தெரு அது. சார்ட் பேப்பர் மலிவுதான், ஆனால் மடித்து நிறுத்தினால் தொய்ந்து விழும். அதனால் 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள அட்டையை ஏ4 அளவில் வாங்கினாள். உறையை முதலில் வாங்கி, அதைவிட அரை சென்டிமீட்டர் சிறிதாக அட்டையை வெட்ட வேண்டும் என்பது அவளுக்குப் பிறகுதான் புரிந்தது. முதல் இரண்டு அட்டைகள் எந்த உறையிலும் நுழையவில்லை.

கனமான அட்டையை அப்படியே மடித்தால் மடிப்பில் வெடித்து வெள்ளை இழை தெரியும். அளவுகோலை வைத்து, மை தீர்ந்த ரீஃபிள் முனையால் அழுத்திக் கோடு போட்டுவிட்டு மடித்தால் சுத்தமாக வரும். அட்டைக்கு ஓர் இழைத்திசையும் உண்டு. வெட்டுமுன் இரு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தால், எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்தப் போக்கில்தான் மடிப்பு விழ வேண்டும்.

பானையும் கரும்புமாகப் பத்து அட்டைகள் வரைந்து, ஒன்று 30 ரூபாய் என்று அறைக் கதவில் ஒட்டினாள். ஒன்றுதான் விற்றது. அச்சடித்த அட்டை அதைவிட மலிவாகக் கிடைக்கிறது, அதுவும் வேண்டாதவர்களுக்கு வாட்ஸ்அப் இருக்கிறது. எல்லோருக்கும் பொதுவான படத்துக்காக யார் கூடுதலாகக் கொடுப்பார்கள்?

அதே வாரம் எதிர் அறை அக்கா ஒருவர் கதவைத் தட்டினார். அவ்வளவாகப் பழக்கமில்லாதவர். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ஐம்பதாவது பிறந்தநாள், அம்மா தைக்கும் பழைய மிதி தையல் மெஷினை வரைந்து தர முடியுமா, எவ்வளவு ஆகும் என்று கேட்டார். விலையைக் கேட்டுக்கொண்டே வந்த முதல் ஆள் அவர். மாணவி தயங்கித் தயங்கி 80 என்றாள். அவர் பேரம் பேசவே இல்லை. அட்டை, உறை, மை எல்லாம் சேர்ந்து 10 ரூபாய், வரைய ஒன்றரை மணி நேரம், மிச்சம் 70. பொங்கல் அட்டையின் விலைக்குக் கொடுத்திருந்தால் அதே உழைப்புக்கு 20 ரூபாய்தான் மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது ஆர்டர் மெஸ்ஸில் பிறந்தது. ஒரே மேசையில் சாப்பிடும் ஆறு பேர் தலைக்கு 20 போட்டு 120 ரூபாய் கொடுத்து, இரவு பன்னிரண்டு மணிக்கு ஏழாவது தோழியிடம் நீட்ட ஓர் அட்டை கேட்டார்கள். ஆறு பேரும் உள்ளே எழுத வேண்டுமே என்று இம்முறை ஏ4 தாளை வெட்டாமல் முழுசாக மடித்தாள். விடுதியில் பெரிய அட்டை விற்பது பெரும்பாலும் இப்படிக் கூட்டுக் காசில்தான். தனியொருத்திக்கு 120 கனம், ஆறு பேருக்கு அது ஒரு டீயும் பஜ்ஜியும்.

அந்த அட்டையில்தான் சறுக்கினாள். ஸ்கெட்ச் பேனாவால் ஓரக்கோடு போட்டு, அதன்மேல் வாட்டர் கலர் தீட்டியதும் கோடு கரைந்து முகமெல்லாம் நீலமாக வழிந்தது. மணி பத்து. வேறு தாளில் முதலிலிருந்து வரைந்து, பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கொடுத்தாள். அன்றிலிருந்து புதுப் பேனா எதுவானாலும் துண்டுத் தாளில் ஒரு கோடு இழுத்து, பத்து நிமிடம் காயவிட்டு, ஈர விரலால் தேய்த்துப் பார்ப்பது வழக்கமாயிற்று. வழவழப்பான பக்கத்தில் ஜெல் பேனா ஈஷும் என்பதால், உள்ளே எழுதுபவர்களிடம் பால்பாயிண்ட் பேனாவைக் கொடுத்தாள்.

பிறகு சில நிபந்தனைகள் வந்தன. மூன்று நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், பாதிப் பணம் முன்பணம், பெயரை வாங்குபவரே எழுதித் தர வேண்டும். சந்தியாவா சந்த்யாவா என்ற சண்டை பேனா எடுக்குமுன் முடிந்துவிடும் அல்லவா? அறையில் விற்பனை கூடாது என்ற விதி பல விடுதிகளில் உண்டு என்பதால் வார்டனிடமும் சொல்லிவைத்தாள். தேர்வு மாதத்தில் ஆர்டர் எடுப்பதில்லை.

அந்தப் பருவம் முடியும்போது பதினான்கு அட்டைகள் விற்றிருந்தன. ஒன்றைத் தவிர எல்லாமே யாரோ ஒருவருக்கென்று கேட்டு வரைந்தவை. பானையும் கரும்புமாக ஒன்பது அட்டைகள் இன்னும் அவள் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன.