மாணவி விழுந்த அன்று ஆசிரியர் எழுத வேண்டிய கடிதம்

“மேற்படி மாணவி வகுப்பறையில் கவனக்குறைவாக இருந்தபோது எதிர்பாராத விதமாகத் தவறி விழுந்து லேசான காயமடைந்தார். உடனடியாக முதலுதவி அளிக்கப்பட்டு மருத்துவமனைக்கு அனுப்பி வைக்கப்பட்டார் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.”

பாடவேளையில் ஒரு பிள்ளை விழுந்துவிட்டால், தலைமையாசிரியருக்கு எழுதப்படும் கடிதம் பல பள்ளிகளில் இந்த வார்ப்பில்தான் இருக்கிறது. இதை இரண்டாம் முறை படித்துப் பாருங்கள். எத்தனை மணிக்கு விழுந்தாள், எங்கிருந்து விழுந்தாள், உடம்பில் எந்த இடம் அடிபட்டது, யார் பார்த்தார்கள், யார் தூக்கினார்கள் என்ற ஒரு தகவலும் இதில் இல்லை. ஆனால் தீர்ப்பு மட்டும் வந்துவிட்டது: தவறு மாணவியுடையது, காயம் லேசானது, பள்ளி உடனே செயல்பட்டது. காயம் லேசானதா என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர். அவர் பார்ப்பதற்கு முன்பே அதை எழுதிவிடுகிறோம்.

நடக்கக்கூடிய ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்பு, மூன்றாம் பாடவேளை, சமூக அறிவியல். இந்திய வரைபடத்தைக் கரும்பலகைக்கு மேலே உள்ள ஆணியில் மாட்ட வேண்டும். ஆசிரியை முன்வரிசை மாணவி ஒருத்தியிடம், “டெஸ்க் மேல ஏறி மாட்டும்மா” என்கிறார். சொல்லிவிட்டு வாசலருகே திரும்பி நோட்டுகளை வாங்கிக்கொண்டிருக்கிறார். பின்னால் தடாலென்று சத்தம். திரும்பினால் மாணவி தரையில் வலப்பக்கமாகக் கிடக்கிறாள். கண்கள் மூடியிருக்கின்றன. மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கண் திறக்கிறாள். “மேப் மாட்டியாச்சா டீச்சர்?” என்று கேட்கிறாள். பதில் சொன்ன பிறகு, சற்று நேரத்தில் அதையே மறுபடி கேட்கிறாள். அதற்குள் இரண்டு மாணவிகள் அவளைத் தூக்கி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். ஒருத்தி தண்ணீர் கொடுக்கிறாள்.

இந்தச் சில நிமிடங்களில் நடந்த ஒவ்வொன்றும் மருத்துவருக்கு வேண்டும். தலையில் அடிபட்ட குழந்தையிடம் அவசர சிகிச்சைப் பிரிவில் கேட்கப்படும் கேள்விகள் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். நினைவு தப்பியதா? வாந்தி எடுத்ததா? தலைவலி கடுமையாக இருக்கிறதா? குழப்பமாகப் பேசியதா? எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது? 42,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கவனித்து 2009இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, தலைக்கு சி.டி. ஸ்கேன் தேவையா என்று முடிவெடுக்க இத்தகைய கேள்விகளைத்தான் அடிப்படையாக வைத்தது. இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை ஐந்து அடிக்கு மேலிருந்து விழுந்திருந்தால் அதைக் கடுமையான விழுகையாகக் கொள்ளச் சொன்னது. ஆகவே “உயரத்திலிருந்து விழுந்தார்” என்ற வரியை வைத்து மருத்துவர் ஒன்றும் செய்ய முடியாது. “75 செ.மீ. உயர டெஸ்க்கின் மேல் நின்றிருந்தார்” என்ற வரி அவருக்கு உதவும். டெஸ்க்கை அளக்க ஓர் அளவுகோல் போதும், அது வகுப்பறையிலேயே இருக்கிறது.

நிகழ்ச்சிகளின் வரிசையும் அப்படித்தான். தலை சுற்றியதால் விழுந்தாளா, விழுந்த பிறகு நினைவு தப்பியதா? முதலாவது என்றால் காலையில் சாப்பிட்டாளா, வலிப்பு உண்டா, இதயத்தில் கோளாறு உண்டா என்று மருத்துவர் ஒரு பக்கம் தேடுவார். இரண்டாவது என்றால் அவர் கவனம் முழுவதும் மண்டைக்குள் போகும். “மயங்கி விழுந்தாள்” என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டால் தேடல் தவறான திசையில் தொடங்கக்கூடும். எது முதலில் என்று ஆசிரியைக்குத் தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்றே எழுதுவது சரி.

தண்ணீர் கொடுத்ததையும் மறைக்கக் கூடாது. மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால், கடைசியாக எப்போது சாப்பிட்டாள், எப்போது குடித்தாள் என்று கேட்பார்கள். தூக்கி உட்கார வைத்ததும் அப்படியே. கழுத்தில் அடிபட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அசைத்திருக்கக் கூடாது. அசைத்தாயிற்று, அதை மருத்துவர் அறிந்திருக்க வேண்டும்.

இப்போது அறிக்கை. அதே ஆசிரியை இப்படி எழுதலாம்:

“இன்று மூன்றாம் பாடவேளையில், சுமார் 11.20 மணிக்கு, 8-ஆ வகுப்பில் வரைபடத்தை மாட்டுவதற்காக டெஸ்க்கின் மேல் ஏறும்படி மாணவியிடம் நான் சொன்னேன். டெஸ்க்கின் உயரம் 75 செ.மீ. அதன் முன் இடது கால் தரையில் படியவில்லை. இதைப் பிறகுதான் கவனித்தேன். அவர் விழுந்ததை நான் பார்க்கவில்லை. வாசலருகே திரும்பி நின்றிருந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பியபோது சிமெண்ட் தரையில் வலப்பக்கமாகக் கிடந்தார், கண்கள் மூடியிருந்தன. மூன்றாம் முறை அழைத்தபோது கண் திறந்தார். ஒரே கேள்வியை இருமுறை கேட்டார். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது; விரல்களை அசைத்தார். பின்தலையில் இடப்பக்கம் வீக்கம் இருந்தது, இரத்தம் இல்லை. இரண்டு மாணவிகள் அவரைத் தூக்கி பெஞ்சில் உட்கார வைத்தனர். அரை டம்ளர் தண்ணீர் குடித்தார். 11.24க்கு 108ஐ அழைத்தேன். 11.27க்குத் தாயாரிடம் பேசினேன். 11.45க்கு ஆம்புலன்ஸ் வந்தது. நானும் உடன் சென்றேன். அதுவரை வாந்தி இல்லை. டெஸ்க் ஆடியதால் விழுந்ததாக முன்வரிசை மாணவிகள் இருவர் சொன்னார்கள்.”

இதில் பார்த்தது, கேட்டது, பிறர் சொன்னது ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலக்கவில்லை. “டெஸ்க் ஆடியதால் விழுந்தார்” என்று ஆசிரியை தாமே அறிந்ததுபோல எழுதவில்லை. இருவர் சொன்னதாக எழுதினார். தாம் கண்ட குறை, கால் தரையில் படியவில்லை என்பது. அதைத் தனியே வைத்தார். அதேபோல் “மணிக்கட்டு முறிந்தது” என்று எழுதவில்லை. வீக்கத்தைப் பார்த்தார், விரல் அசைவதைப் பார்த்தார், அவ்வளவையே எழுதினார். முறிவை எக்ஸ்ரே சொல்லும்.

நிமிடக் கணக்கு எப்படி இவ்வளவு துல்லியமாக வந்தது என்று கேட்கலாம். பதற்றத்தில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. கைபேசியின் அழைப்புப் பட்டியலில் 108க்குப் பேசிய நேரமும் தாயாரிடம் பேசிய நேரமும் இருக்கின்றன. இரண்டாம் பாடவேளை முடிந்து மணி அடித்த நேரம் தெரியும். இந்த நிச்சயமான நேரங்களுக்கு இடையில்தான் விழுந்த நேரத்தை மதிப்பிடுகிறோம். அதனால்தான் அதற்கு மட்டும் “சுமார்” என்ற சொல் வந்தது.

இந்தக் கடிதத்தில் எழுதுவதற்கு மிகக் கடினமான வரி “ஏறும்படி நான் சொன்னேன்” என்பதுதான். அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு 17-ஏ, 17-பி குறிப்பாணை என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. விளக்கம் கேட்பார்கள், ஊதிய உயர்வு நிற்கும் என்ற பயம் நியாயமானது. ஆனால் அந்த வரியை விட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். வகுப்பில் இருந்த அத்தனை பிள்ளைகளும் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறார்கள். மாணவி அன்று மாலையே அம்மாவிடம் சொல்லிவிடுவாள். அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில், யார் அழைத்து வந்தார், எப்படி அடிபட்டதாகச் சொல்லப்படுகிறது என்று எழுதுவார்கள், நாம் ஏ.ஆர். என்று சொல்வது அதைத்தான். அதில் ஒன்று, ஆசிரியரின் கடிதத்தில் வேறொன்று என்று இருந்தால், விபத்தாக இருந்தது அந்த நேரமே சந்தேகத்துக்குரிய விஷயமாகிவிடும். அதன் பிறகு ஆசிரியை சொல்லும் உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அன்றைக்கே எழுத வேண்டும் என்பதற்குச் சட்டத்திலும் அடிப்படை உண்டு. சாட்சி ஒருவர் நேரில் பார்த்ததையும் கேட்டதையும்தான் சொல்ல வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் வகுத்த விதி. நிகழ்வின்போதோ, நினைவு மங்காத அளவுக்கு அதையொட்டியோ அவர் எழுதிவைத்த குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ளவும் அந்தச் சட்டத்தின் 159ஆம் பிரிவு இடம் கொடுத்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியமும் இவற்றைத் தொடர்கிறது. வழக்கு நீதிமன்றம் போவது அரிதுதான். ஆனால் போகும்போது ஆண்டுகள் ஓடியிருக்கும், ஆசிரியைக்குத் துணை இந்த ஒரு தாள்தான்.

எழுதிய தாளைத் திருத்துவதற்கும் முறை இருக்கிறது. தவறாக எழுதிய சொல்லைப் படிக்க முடியாதபடி அடிக்காமல், ஒரே கோடு போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். பிறகு தெரியவந்ததைப் பழைய தாளில் செருகக் கூடாது. நம் நிகழ்வில், இரவு ஒன்பது மணிக்குத் தாயார் போன் செய்கிறார்: “டீச்சர், பிள்ள ரெண்டு வாட்டி வாந்தி எடுத்துட்டா, திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம்.” தலையில் அடிபட்டவர்களுக்கு முதலில் நன்றாக இருந்து, சில மணி நேரம் கழித்து நிலை மோசமாவதுண்டு, மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே இரத்தம் மெல்லச் சேர்வது அதற்கு ஒரு காரணம். இந்தச் செய்தி மறுநாள் தேதியிட்ட கூடுதல் குறிப்பாகச் சேர வேண்டும். முதல் தாளில் “வாந்தி இல்லை” என்று இருப்பது பொய்யாகிவிடாது. “அதுவரை” என்ற சொல் அதைக் காத்து நிற்கிறது.

மற்ற பிள்ளைகளிடம் கேட்கும்போதும் கவனம் வேண்டும். எல்லோரையும் ஒன்றாக நிற்க வைத்துக் கேட்டால், முதலில் பேசியவள் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள். “அவளை யாராவது தள்ளினீங்களா?” என்று கேட்டால் பயந்த பிள்ளை ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிடும். தனித்தனியே கூப்பிட்டு, “நீ என்ன பார்த்தே?” என்று மட்டும் கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். அந்த டெஸ்க்கைப் படம் எடுக்கும்வரை தச்சரைக் கூப்பிட வேண்டாம். வேறு யாரும் ஏறாதபடி தனியே நகர்த்தி வைத்தால் போதும். அறிக்கையையோ படத்தையோ வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. அந்தக் காயம் ஒரு குழந்தையின் சொந்த விஷயம்.

தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆசிரியர் கொண்டுவரும் தாளைப் பார்த்து, “நான் சொன்னேன்னு எதுக்கும்மா எழுதுறீங்க, அதை எடுத்துட்டு எழுதிட்டு வாங்க” என்று திருப்பி அனுப்பாதீர்கள். உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் உங்கள் கையொப்பத்தோடு தனியே எழுதுங்கள். கண்டவர் எழுதியதைக் காணாதவர் திருத்தக் கூடாது. பெற்றோர் நகல் கேட்டால் கொடுங்கள், அவர்கள் அடுத்து பார்க்கப் போகும் மருத்துவருக்கு அது தேவைப்படும்.