“இந்த ரெஸ்யூமைச் சரி பண்ணிக் குடுங்க”: எதைச் சரி செய்வது?

வாட்ஸ்அப்பில் ஒரு வேர்டு ஃபைல் வருகிறது. அதன் கீழே ஒரே வரி: “அண்ணா, இதைக் கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க.” குடும்பத்தில் முதலில் ஐ.டி. வேலைக்குப் போனவர்கள், கல்லூரியில் வேலைவாய்ப்புப் பிரிவைக் கவனிக்கும் ஆசிரியர்கள், பிரவுசிங் சென்டர் நடத்துபவர்கள் எல்லோருக்கும் இது பழக்கமான செய்தி. அனுப்பியவர் மனதில் எது சரியில்லை என்பது மட்டும் அதில் இருப்பதில்லை. பக்கம் பார்க்க நன்றாக இல்லை என்கிறாரா? ஆங்கிலம் தப்பாக இருக்குமோ என்று பயப்படுகிறாரா? இதை அனுப்பினால் யாருமே கூப்பிடுவதில்லை என்கிறாரா? அமைப்பு, வாசகம், விஷயம் என்று இவை மூன்றும் மூன்று தனி வேலைகள். எது என்று கேட்காமல் ஆரம்பித்தால், உதவி செய்தவரின் ஞாயிற்றுக்கிழமையும் போகும், ரெஸ்யூமும் கெடும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். அனுப்பியவர் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவர். கோவைப் பக்கம் பம்ப்செட் தயாரிக்கும் இரண்டு யூனிட்களில் வேலை பார்த்திருக்கிறார். முதலில் சி.என்.சி. ஆபரேட்டர், பிறகு தரப் பரிசோதனை. இப்போது ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறார். ஃபைல் மூன்று பக்கம். மூன்றாம் பக்கத்தில் ‘மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை’ என்ற உறுதிமொழி, இடம், தேதி, கையெழுத்து எல்லாம் சேர்த்து ஐந்தே வரிகள். மீதிப் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது.

திறந்ததும் கண்ணில் படுவது இதுதான். இதைச் சரி செய்ய மூன்று வழி உண்டு. பக்க அமைப்பை மாற்றி ஐந்து வரிகளையும் மேலே ஏற்றலாம். வாக்கியங்களைச் சுருக்கி இடம் உண்டாக்கலாம். உறுதிமொழியையே எடுத்துவிடலாம், தனியார் நிறுவனத்துக்கு அனுப்பும் ரெஸ்யூமில் அது கட்டாயம் இல்லை. மூன்று வழியிலும் மூன்றாம் பக்கம் போய்விடும். முதல் வழியில் அவர் எழுதிய ஒரு சொல்லும் மாறாது. இரண்டாவதில் அவருடைய பேச்சு மாறுகிறது. மூன்றாவதில் அவர் வைக்க நினைத்த ஒன்று காணாமல் போகிறது. அதனால் முதலாவதை உதவுகிறவரே செய்துவிடலாம். இரண்டாவதைச் செய்தால் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். மூன்றாவதைக் கேட்காமல் செய்யக் கூடாது.

முதல் வழியிலிருந்தே தொடங்கலாம். பக்கம் வழிந்ததற்குக் காரணம் பெரும்பாலும் எழுத்தில் இருக்காது, அடியில் இருக்கும் பழைய டெம்ப்ளேட்டில் இருக்கும். இணையத்தில் கிடைக்கும் ரெஸ்யூம் டெம்ப்ளேட்கள் பல அமெரிக்காவின் லெட்டர் அளவுத் தாளுக்குச் செய்யப்பட்டவை. அந்தத் தாளின் உயரம் சுமார் 279 மில்லிமீட்டர். இங்கே புழங்கும் A4 தாள் 297. வேர்டில் `Layout → Size → A4` என்று மாற்றினால் ஒரு பக்கத்துக்கு 18 மில்லிமீட்டர் கூடுதலாகக் கிடைக்கும். சாதாரண 11 பாயின்ட் எழுத்தில் அது ஏறக்குறைய மூன்று வரி. இரண்டு பக்கத்துக்கு ஆறேழு வரி. A4 அகலத்தில் 6 மில்லிமீட்டர் குறைவு என்பதால் ஒன்றிரண்டு நீள வரிகள் உடைந்து கீழே இறங்கலாம். அதற்கும் இடம் வேண்டுமானால் `Ctrl+Shift+8` அழுத்திப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத குறிகள் எல்லாம் வெளியே வரும். தலைப்புக்குத் தலைப்பு இடைவெளி விட நான்கு முறை என்டர் தட்டியிருப்பதும், தேதிகளை வலப்பக்கம் தள்ள இருபது முப்பது முறை ஸ்பேஸ் தட்டியிருப்பதும் அப்போது தெரியும். இந்த என்டர்களை நீக்கி, பத்தி இடைவெளியை அமைப்பிலேயே கொடுத்தால் மூன்றாம் பக்கம் தானாகப் போய்விடும். ஸ்பேஸ்களுக்குப் பதில் வலப்பக்க டேப் ஒன்று வைத்தால், வேறொரு கணினியில் எழுத்துரு மாறித் திறந்தாலும் தேதிகள் கலையாது.

இதோடு நிற்காமல், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று இரண்டு பத்தி டெம்ப்ளேட்டுக்கு மாற்றி, இடப்பக்கம் வண்ணப் பட்டை, போட்டோ, திறமைக்கு எண்பது சதவீதம் என்று கோடு போட்டுத் தருபவர்கள் உண்டு. வேலைவாய்ப்புத் தளங்களிலும் பெரிய நிறுவனங்களிலும் ரெஸ்யூமை முதலில் படிப்பது மென்பொருள்தான். சில மென்பொருள்கள் இரண்டு பத்தியையும் குறுக்கே ஒரே வரியாக வாசிக்கும். சில, பக்கத் தலைப்புப் பகுதியில் போட்ட போன் நம்பரை விட்டுவிடும். இதைத் தெரிந்துகொள்ள எளிய சோதனை ஒன்று உண்டு. பி.டி.எஃப்.பைத் திறந்து முழுவதையும் தேர்ந்தெடுத்து, காப்பி எடுத்து, நோட்பேடில் ஒட்ட வேண்டும். வரிசை குழம்பியிருந்தாலோ, நம்பர் வராமல் போனாலோ அந்த அமைப்பு வேண்டாம். எழுத்தைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அந்தப் பி.டி.எஃப். வெறும் படம்.

அடுத்தது வாசகம். நம்மவர் ஃபைலில் இப்படி ஒரு வரி இருக்கிறது: ‘ரெஸ்பான்சிபிள் ஃபார் செக்கிங் த காம்பொனென்ட்ஸ்.’ உதிரிபாகங்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு என்கிறார். இலக்கணப் பிழை எதுவும் இல்லை, ஆனால் இதைப் படித்தவருக்கு எதுவும் தெரியாது. உதவ வந்தவர் ஐ.டி. பழக்கத்தில் இதை ‘ஸ்பியர்ஹெடட் குவாலிட்டி இனிஷியேட்டிவ்ஸ்’ என்று மாற்றினால் ஆபத்து கூடுகிறது. நேர்முகத் தேர்வில் “என்ன இனிஷியேட்டிவ் எடுத்தீங்க? உங்களுக்குக் கீழ எத்தனை பேர்?” என்று கேட்டால் அந்த இளைஞரிடம் பதில் இருக்காது. தான் எழுதாத வரிக்கு அவர் விழித்துக்கொண்டு நிற்பார்.

இதற்கு அகராதி உதவாது. ஒரு போன் போதும்.

“என்னடா செக் பண்ணுவ?”

“இம்பெல்லரும் ஷாஃப்ட்டுங்ண்ணா.”

“எதை வெச்சு?”

“வெர்னியர், மைக்ரோமீட்டர், போர் கேஜ். ஷிஃப்ட் ஆரம்பத்துல முதல் பீஸை முழுசா அளந்து ரிப்போர்ட் எழுதணும். அது ஓகே ஆனாத்தான் மெஷின் ஓடும்.”

கடைசி இரண்டு வாக்கியங்கள் ரெஸ்யூமில் எங்குமே இல்லை. முதல் பீஸ் தேறாமல் உற்பத்தியைத் தொடங்க முடியாது, அதை அளந்து கையெழுத்துப் போடுகிறவர் இவர். ஓசூர் தொழிற்சாலை தேடுவதும் அந்த ஆளைத்தான். அவர் சொன்னதையே எடுத்து, ‘பம்ப் இம்பெல்லர், ஷாஃப்ட் ஆகியவற்றை வெர்னியர், மைக்ரோமீட்டர், போர் கேஜ் கொண்டு அளந்து, ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் முதல் பீஸ் பரிசோதனை அறிக்கை தயாரித்தேன்’ என்ற பொருளில் எளிய ஆங்கிலத்தில் எழுதினால் போதும். இந்த வரியைப் பார்த்து வரும் கேள்வி அவருக்குத் தெரிந்த கேள்வியாகவே இருக்கும். வெர்னியரின் லீஸ்ட் கவுன்ட் என்ன என்றால் 0.02 மில்லிமீட்டர் என்பார். பேரிங் உட்காரும் இடத்தை ஏன் வெர்னியரில் அளக்கவில்லை என்றால், அங்கே அனுமதிக்கப்பட்ட வித்தியாசம் மிகச் சிறியது, அதனால் 0.01 காட்டும் மைக்ரோமீட்டர் வேண்டும் என்பார். தினமும் கையில் பிடித்த கருவி அது.

மூன்றாவதுதான் சிக்கலானது. ஃபைலின்படி அவர் முதல் யூனிட்டை 2022 மார்ச்சில் விட்டிருக்கிறார். இரண்டாவதில் சேர்ந்தது நவம்பரில். நடுவில் ஏழு மாதம். உதவுகிறவருக்கு இது கண்ணை உறுத்தும். மாதத்தை எடுத்துவிட்டு வெறும் ஆண்டுகளைப் போட்டால் இடைவெளி மறைந்துவிடும் என்று தோன்றும். முதல் யூனிட்டில் நவம்பர் வரை இருந்ததாக எழுதச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்பட்ட வேலை என்றால், ஊழியரின் பன்னிரண்டு இலக்க யூ.ஏ.என். கணக்கில் எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தார், எப்போது விலகினார் என்ற விவரம் பதிவாகியிருக்கும். வேலைக்கு எடுத்தபின் பின்னணிச் சரிபார்ப்பு செய்யும் நிறுவனங்கள் அதையும் ரிலீவிங் லெட்டரையும் ரெஸ்யூமோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். ஏழு மாத இடைவெளியால் வேலை போவது அபூர்வம். தேதி ஒத்துப்போகாவிட்டால், கையில் வந்த ஆஃபரே போய்விடலாம். அப்படிப் போனால் அனுபவிக்கப் போவது ஃபைலை அனுப்பிய தம்பி.

ஆகவே தேதி, மதிப்பெண் சதவீதம், அரியர், பதவியின் பெயர், சம்பளம் ஆகியவற்றில் உதவுகிறவர் கை வைக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் கேள்வியாக எழுதலாம்: “மார்ச்சிலிருந்து நவம்பர் வரை என்ன செய்தாய்?” அப்பாவின் சிகிச்சைக்காக ஊரில் இருந்தேன் என்பதோ, அரியர் எழுதினேன் என்பதோ பதிலாக வந்தால், அதை ஒரு வரியாகச் சேர்ப்பதா வேண்டாமா என்று அவரே முடிவு செய்யட்டும்.

இத்தனையும் செய்ய வேண்டியிருக்குமா என்பதை இரண்டு கேள்விகள் முன்கூட்டியே சொல்லிவிடும். “எந்த வேலைக்கு, எப்போ அனுப்பணும்? அந்த விளம்பரத்தையும் அனுப்பு.” இது முதல் கேள்வி. “இதுவரைக்கும் எத்தனை இடத்துக்கு அனுப்பின, என்ன ஆச்சு?” இது இரண்டாவது. நாளை காலை அனுப்ப வேண்டும் என்றால் அமைப்பும் எழுத்துப்பிழையும் மட்டும்தான் பார்க்க முடியும். பல இடத்துக்கு அனுப்பியும் ஓர் அழைப்புகூட வரவில்லை என்றால், மூன்றாம் பக்கத்தைச் சரி செய்து பயனில்லை. விளம்பரத்தில் கேட்டிருப்பது ரெஸ்யூமின் முதல் பாதியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அழைப்பு வருகிறது, நேர்முகத் தேர்வில்தான் போகிறது என்றால் ஃபைலில் பெரிய குறை இல்லை என்று நினைக்கலாம். அவர் பயிற்சி எடுக்க வேண்டியது பேசுவதில்.

நேரம் இருந்து மூன்றையும் செய்வதானால் விஷயம், வாசகம், அமைப்பு என்ற வரிசைதான் சரி. பக்கத்தை முதலில் அளந்து அடைத்துவிட்டு, பிறகு முதல் பீஸ் பரிசோதனை பற்றிய வரியைச் சேர்த்தால் உறுதிமொழி மறுபடி மூன்றாம் பக்கத்துக்குப் போய்விடும். கேள்விக்குப் பதிலே வரவில்லை என்றால் இது பொருந்தாது. அப்போது அமைப்பையும் பிழையையும் மட்டும் திருத்தி, மற்றதைக் குறிப்பாக எழுதி அனுப்பிவிடலாம்.

திருப்பி அனுப்பும்போது வேர்டில் `Review → Track Changes` போட்டுச் செய்த ஃபைலை அனுப்பினால் எது மாறியது என்று அவரே பார்க்கலாம். செல்போனில் திறந்தால் அந்த அடையாளங்கள் சரியாகத் தெரியாமல் போகலாம் என்பதால், முக்கியமான மாற்றங்களை வாய்ஸ் மெசேஜில் சொல்லிவிடுவது நல்லது. அவர் ஒப்புக்கொண்டபின் எல்லா மாற்றங்களையும் ஏற்று, குறிப்புகளை நீக்கி, `File → Info → Inspect Document` வழியாக ஃபைலின் உள் விவரங்களையும் துடைத்துவிட வேண்டும். டெம்ப்ளேட் கொடுத்த நண்பரின் பெயர் ஆசிரியர் என்ற இடத்தில் அப்படியே நிற்பது அடிக்கடி நடக்கிறது. பிறகு பி.டி.எஃப். ஆக்கி, அவருடைய பெயரையும் விண்ணப்பிக்கும் பதவியையும் ஃபைலின் பெயராக வைத்து, அவருடைய சொந்த மின்னஞ்சலிலிருந்தே அனுப்பச் சொல்லலாம். வேர்டு ஃபைல்தான் வேண்டும் என்று நிறுவனம் கேட்டிருந்தால் அதையே கொடுக்க வேண்டும்.