‘பாக்கி ஏதும் இல்லை’ என்று எழுதிக் கொடுக்கும் முன்

வீட்டு வேலை முடிந்து கான்ட்ராக்டர் 4,80,000 ரூபாய்க்கு ஃபைனல் பில் நீட்டுகிறார். கூடுதல் வேலை என்று போட்டதில் பாதியை நான் சொல்லவே இல்லை, 3,20,000தான் தருவேன் என்கிறார் வீட்டுக்காரர். இப்படி ஒரு வழக்கு என்று வைத்துக்கொள்வோம். இழுத்துப் பேசி 3,90,000க்குப் பைசல் ஆகிறது.

இப்போதைக்கு வாங்கிப் போட்டுக்கொள்வோம், மிச்சத்தை அப்புறம் கேட்போம் என்று கான்ட்ராக்டர் நினைத்தால் ஏமாந்துபோவார். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவு இதற்கென்றே ஓர் உதாரணம் தருகிறது: எவ்வளவு என்று முடிவாகாத கடனுக்கு 2,000 ரூபாயைக் கொடுத்து, அதை முழுத் தீர்வாக மற்றவர் ஏற்றுக்கொண்டால், உண்மைக் கடன் எவ்வளவாக இருந்தாலும் அத்தோடு தீர்ந்தது.

கையெழுத்தே இல்லாமலும் இது நடக்கும். ரயில்வேயிடம் இழப்பீடு கேட்ட ஒரு நிறுவனத்துக்கு, ‘சம்மதம் இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் முழுத் தீர்வாக ஏற்றதாகக் கொள்வோம்’ என்ற கடிதத்தோடு செக் வந்தது. அதைப் பணமாக்கிய பிறகு அந்த நிறுவனம் ஆட்சேபித்தது. காலம் கடந்துவிட்டது என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே செக்கோடு வரும் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் பேங்க்குக்குப் போகவேண்டும். ஆட்சேபம் இருந்தால் பணமாக்கும் முன்பே எழுத்தில் தெரிவிக்கவேண்டும்.

எழுதிக் கொடுக்கும் வாசகத்துக்கு வருவோம். ‘இனி எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை’ என்ற ஒற்றை வரியைத்தான் பலர் எழுதுகிறார்கள். அதே வீட்டுக்குக் கட்டிய காம்பவுண்டு சுவருக்குத் தனி பில் நிலுவையில் இருந்தால் அதையும் இந்த வரி விழுங்கிவிடலாம். பிடித்து வைத்த டெபாசிட்டுக்கும் அதே கதிதான். இப்படி எழுதினால் பிரச்சினை இல்லை:

‘இன்ன தேதியிட்ட, இன்ன எண்ணுள்ள ஃபைனல் பில் சம்பந்தமான தகராறுக்கு மட்டும் முழு இறுதித் தீர்வாக ரூ. 3,90,000 பெற ஒப்புக்கொள்கிறேன். இந்தத் தொகை என் கணக்கில் வரவானதும் அந்த பில்லின் மீதான என் உரிமை முடியும். காம்பவுண்டு சுவர் பில்லும் டெபாசிட்டும் இதில் சேராது.’

‘வரவானதும்’ என்ற சொல் இல்லாவிட்டால், செக் திரும்பினாலும் 4,80,000 கேட்கும் உரிமை போய்விட்டதா என்று இன்னொரு சண்டை கிளம்பும்.

வீட்டுக்காரருக்கும் இதில் ஒரு கண் வேண்டும். ‘இருவருக்கும் ஒருவர்மீது ஒருவர் எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று அவரும் கையெழுத்துப் போட்டால், அடுத்த மழையில் மொட்டைமாடி ஒழுகும்போது கான்ட்ராக்டர் அந்தத் தாளைத்தான் எடுத்துக் காட்டுவார். ‘பின்னால் தெரியவரும் ஒழுகல், விரிசலுக்கு இது பொருந்தாது’ என்று சேர்க்கச் சொல்லலாம். அதற்குக் கான்ட்ராக்டர் கூடுதலாகக் கேட்டால் அந்தப் பேரமும் இப்போதே முடியட்டும்.

மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கிய கையெழுத்தை நீதிமன்றத்தில் எதிர்க்க வழி இருக்கிறது. ஆனால் பல மாதம் சும்மா இருந்துவிட்டு அப்படிச் சொன்னால் நம்பவைப்பது கடினம். உடனே எழுதி அனுப்பிய ஆட்சேபக் கடிதத்துக்குத்தான் மதிப்பு.