வேலைக்கு முன்னால் ஒரு மின்னஞ்சல்

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு துணிக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். தீபாவளி விற்பனைக்கு இணையப் பக்கம் வேண்டும் என்கிறார் உரிமையாளர். பிரிக்பீல்ட்சில் தங்கிப் படிக்கும் மூன்று கல்லூரி மாணவர்கள் அந்த வேலையை ஏற்கிறார்கள். கடையிலேயே எல்லாம் பேசியாகிவிட்டது. அடுத்து என்ன?

பலர் நேராகக் கணினி முன் உட்கார்ந்துவிடுவார்கள். மூன்று வாரம் கழித்துத்தான் சிக்கல் தெரியும். உரிமையாளர் நீல நிறம் கேட்டிருப்பார்; அவர் மகன் புலனத்தில் சிவப்பு கேட்டிருப்பார். சேலைப் படங்கள் வந்திருக்காது. யார் சொல்வதைக் கேட்பது என்று எங்கும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். இதைத் தடுக்கத்தான் திட்டத் தொடக்க மின்னஞ்சல். பொறுப்பு, காலக்கெடு, தொடர்பு முறை, முதல் ஒப்படைப்பு ஆகிய நான்கையும் அது ஒரே பக்கத்தில் சொல்லிவிடும்.

முடிவெடுப்பவர் ஒருவர்

நம் குழுவில் யார் என்ன செய்வார் என்று எழுத யாரும் மறப்பதில்லை. மறப்பது வாடிக்கையாளர் பக்கத்தைத்தான். கருத்து சொல்ல நான்கு பேர் இருக்கலாம். ஒப்புதல் தருபவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அவர் பெயரை முதல் நாளே கேட்டு எழுதிவிடுங்கள்.

பின்னாலிருந்து எண்ணுங்கள்

2026 தீபாவளி நவம்பர் 8. அன்று பக்கம் தயாராகிப் பயனில்லை. மக்கள் துணி எடுப்பது அதற்கு முந்தைய வாரங்களில். ஆகவே அக்டோபர் 10-க்குள் பக்கம் திறக்க வேண்டும். அதற்கு முந்தைய ஒரு வாரம் சோதனைக்கு. அதற்கும் முந்தைய வாரம் கடைக்காரர் பார்த்துத் திருத்தம் சொல்ல. இரண்டையும் கழித்தால், பக்கம் செப்டம்பர் 25-க்குள் உருவாகியிருக்க வேண்டும். செப்டம்பர் 1-இல் தொடங்கினால் கையில் இருப்பது நான்கு வாரம்கூட இல்லை. நடுவே செப்டம்பர் 16, மலேசிய தின விடுமுறை. ஆறு வாரம் இருப்பதாகத் தோன்றியது இப்படித்தான் சுருங்குகிறது.

முதல் ஒப்படைப்பு சிறியதாக இருக்கட்டும்

முழுப் பக்கத்தையும் முடித்துக் காட்டினால், பிடிக்காதபோது எல்லாமே வீணாகும். பத்துச் சேலைகளோடு முகப்பை மட்டும் கைப்பேசியில் காட்டுங்கள். அதில் எது இருக்காது என்பதையும் எழுதுங்கள். இல்லையென்றால், “பணம் கட்டும் வசதி எங்கே?” என்ற கேள்வி வரும்.

மின்னஞ்சல் இப்படி அமையலாம்:

> பொருள்: தீபாவளி இணையப் பக்கம்: வேலை தொடக்கம், வெள்ளிக்குள் இரண்டு பதில்கள் தேவை
>
> வணக்கம் ஐயா. சனிக்கிழமை கடையில் பேசியபடி இன்று, செப்டம்பர் 1, வேலையைத் தொடங்குகிறோம்.
>
> பொறுப்பு: உங்களோடு தொடர்பில் இருப்பது நான். மற்ற இருவரில் ஒருவர் வடிவமைப்பையும் ஒருவர் நிரலையும் கவனிப்பார்கள். உங்கள் தரப்பில் ஒப்புதல் தருபவர் தங்கள் மகன்.
>
> முதல் ஒப்படைப்பு: செப்டம்பர் 15, செவ்வாய். பத்துச் சேலைகளுடன் முகப்பு. ஆர்டர், பணம் கட்டும் வசதிகள் இதில் இருக்கா. திருத்தங்களை 18-ஆம் தேதிக்குள் சொன்னால் போதும்.
>
> எங்களுக்குத் தேவை: சேலைப் படங்களும் விலையும், செப்டம்பர் 7-க்குள். அவை தாமதமானால் 15-ஆம் தேதியும் அத்தனை நாள் தள்ளிப்போகும்.
>
> பக்கம் திறப்பது: அக்டோபர் 10.
>
> தொடர்பு: ஒவ்வொரு செவ்வாயும் மாலை 4 மணிக்கு ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்புவோம். அவசரத்துக்கு மட்டும் புலனம்.
>
> வெள்ளிக்குள் சொல்லுங்கள்: 1. ஒப்புதல் தருபவர் தங்கள் மகன்தானா? 2. படங்களை யார் அனுப்புவார்?

செவ்வாயைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வார இறுதியில் துணிக்கடையில் கூட்டம் இருக்கும்; கடைக்காரருக்கு மின்னஞ்சல் பார்க்க நேரம் இருக்காது. அந்த வார மின்னஞ்சலுக்கு மூன்று வரி போதும்: முடிந்தது, அடுத்தது, உங்களிடமிருந்து தேவைப்படுவது. புலனத்தில் எடுத்த முடிவுகளையும் அதில் மறுபடி எழுதிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்துப் பழைய செய்திகளுக்கிடையே தேட வேண்டியிருக்காது.

பதிலைப் பாருங்கள்

மின்னஞ்சல் வேலை செய்ததா என்பது வரும் பதிலில் தெரியும். இரண்டு கேள்விக்கும் விடை வந்தால் சரி. “ஓகே தம்பி” என்று மட்டும் வந்தால், அவர் அதைப் படிக்கவில்லை என்றே கொள்ளுங்கள். உடனே தொலைபேசியில் அழைத்து அந்த இரண்டையும் கேளுங்கள். கிடைத்த விடையை அதே மின்னஞ்சலுக்குக் கீழே எழுதி அனுப்புங்கள். மின்னஞ்சல் பார்க்கும் பழக்கமே இல்லாதவர் என்றால், அச்செடுத்துக் கடைக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்த மின்னஞ்சல் ஒப்பந்தம் ஆகாது. எத்தனை ரிங்கிட், எப்போது கட்டுவது என்பதைத் தனியாக எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே இதை அனுப்ப வேண்டும்.