லீவும் அட்வான்ஸும்: ஒரே கடிதம், ரெண்டு பகுதி

வெம்பக்கோட்டை பக்கம் ஒரு பட்டாசு ஆலை ஆபீஸ்ல மாசச் சம்பளம் 18,000 வாங்குற ஒருத்தர்னு வச்சுக்குவோம். அப்பா அம்மாவை காசிக்கு கூட்டிட்டுப் போகணும். பயணம் ஏப்ரல் 20 முதல் 29 வரை. கைக்காசு போக 24,000 ரூபாய் தேவை.

நிறைய பேர் எழுதுறது: "காசிக்குப் போவதால் பத்து நாள் லீவும் 24,000 அட்வான்ஸும் வேண்டும்." ஒரே வாக்கியம். ஆனா லீவை முடிவு பண்றது மேனேஜர், பணத்தை முடிவு பண்றது அக்கவுண்ட்ஸ். ஒருத்தர் "பார்க்கலாம்"னு சொன்னா ரெண்டுமே நின்னுடும்.

தேதியும் வேற வேற. ரயில் முன்பதிவு 60 நாள் முன்னாடி திறக்குது, அதாவது பிப்ரவரி 19 வாக்குல. டிக்கெட் பணம் அப்பவே வேணும். லீவு ஏப்ரல்லதான். அதனால பிப்ரவரி முதல் வாரமே கடிதம் கொடுத்துடணும்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

"பகுதி 1, விடுப்பு: ஏப்ரல் 20 முதல் 29 வரை, ஞாயிறு நீங்கலாக 9 வேலை நாட்கள். என் கணக்கில் சம்பளத்துடன் கூடிய விடுப்பு 7 உள்ளது. மீதி 2 நாள் சம்பளமில்லா விடுப்பு. 30ஆம் தேதி வேலைக்கு வருவேன்.

பகுதி 2, முன்பணம்: ரூ.24,000, பிப்ரவரி 18க்குள் தேவை. மே முதல் அக்டோபர் வரை மாதம் ரூ.4,000 வீதம் 6 தவணைகளாகப் பிடித்துக்கொள்ளலாம்.

முன்பணம் குறைந்தாலோ கிடைக்காவிட்டாலோகூட பகுதி 1ஐத் தனியாகப் பரிசீலிக்க வேண்டுகிறேன்."

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். அது இல்லேன்னா பணம் இல்லைங்கிற பதில் லீவையும் சேர்த்து சாப்பிட்டுடும்.

பிடித்தம் ஏன் மே மாசம்? ஏப்ரல் சம்பளத்துல ஏற்கெனவே 2 நாள் குறையும். அதுலயே தவணையும் போனா வீட்டுச் செலவு இடிக்கும். இன்னொண்ணு, பொதுவா மொத்தப் பிடித்தம் சம்பளத்துல பாதியைத் தாண்டக்கூடாது. 1936 சட்டத்துலயும் இருந்துச்சு, 2019 ஊதியச் சட்டத் தொகுப்புலயும் இருக்கு. பி.எஃப், ஈ.எஸ்.ஐ எல்லாம் அந்தப் பாதிக்குள்ளதான் வரும். 18,000க்கு வரம்பு 9,000. 4,000 தவணை தாராளமா அடங்கும். மூணே மாசத்துல அடைக்கிறேன்னு 8,000 எழுதினா, மத்த பிடித்தமும் சேர்ந்து வரம்பை முட்டிடும்.

பீஸ் ரேட்டுக்கு வாரக்கூலி வாங்குறவங்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. மழை வந்தா காயப்போடுற வேலை நின்னு கூலி குறையும். அவங்க சின்ன வாரத் தவணையா எழுதி, "வேலை இல்லாத வாரம் பிடித்தம் வேண்டாம்"னு சேர்க்கணும்.

ரெண்டு பகுதிக்கும் கீழே தனித்தனியா கையெழுத்துக்கு இடம் விடுங்க. ஒரு நகல் உங்க கையில இருக்கட்டும். அக்டோபர்ல ஆறாவது தவணை முடிஞ்சதான்னு சம்பளச் சீட்டோட ஒத்துப் பார்க்க அது வேணும். போனஸ்ல மறுபடி பிடிச்சாங்கன்னா, காட்ட அந்தத் தாள்தான் இருக்கும்.