பங்களிப்புக் கணக்கு நம்பத்தக்கதாக இருக்க: பொம்மனஹள்ளித் தையற்கூடம் ஒன்றின் செலவுகளைப் பிரித்துப் பார்ப்போம்

பெங்களூருவிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள பொம்மனஹள்ளி, ஆயத்த ஆடைத் தொழிலுக்குப் பெயர் பெற்ற பகுதி. ஏற்றுமதி செய்யும் பெரிய ஆலைகளும், பிறர் வெட்டித் தரும் துணியைத் தைத்துக் கொடுக்கும் சிறு ஜாப் ஒர்க் கூடங்களும் இங்கு அருகருகே இயங்குகின்றன. இத்தகைய சிறு கூடங்கள் வங்கிக் கடனுக்காக அளிக்கும் திட்ட அறிக்கைகளில் ஓர் எண் மற்ற எல்லாவற்றையும் தாங்கி நிற்கிறது. அதுவே பங்களிப்பு. விற்பனை விலையிலிருந்து மாறும் செலவைக் கழித்தால் மிஞ்சுவது பங்களிப்பு; நிலையான செலவை முதலில் அடைப்பதும், பின்னர் இலாபமாவதும் அதுதான். எந்தச் செலவு மாறுவது, எது நிலையானது என்னும் பிரிவு தவறினால், கூட்டலும் கழித்தலும் பிழையின்றி இருந்தாலும் அந்த எண்ணை நம்ப இயலாது.

விளக்கத்துக்காகக் கற்பனையான கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 30 தையற்காரர்கள், 10 உதவியாளர்கள் எனச் சம்பளப் பட்டியலில் 40 பேர். வாடகைக் கட்டடம். மாதம் 15,000 குர்த்திகள் தைக்கலாம். அதுவே வழக்கமான நேரத்தில் எட்டக்கூடிய முழு அளவு. தையற்கூலி உருப்படிக்கு 90 ரூபாய், ஜி.எஸ்.டி. நீங்கலாக.

திட்ட அறிக்கை பின்வருமாறு கணக்கிடுகிறது. தொழிலாளர் ஊதியம் உருப்படிக்கு 50 ரூபாய். நூல், ஊசி, பொதியும் பொருள்கள் 9 ரூபாய். மின்சாரம் 4 ரூபாய். வண்டிக் கூலி 3 ரூபாய். ஆக, மாறும் செலவு 66 ரூபாய், பங்களிப்பு 24 ரூபாய். வாடகை, மேற்பார்வையாளர் மற்றும் மெக்கானிக் சம்பளம், வட்டி, இதர நிர்வாகச் செலவுகள் சேர்ந்து நிலையான செலவு மாதம் 2,45,000 ரூபாய். 15,000 உருப்படிகளின் மொத்தப் பங்களிப்பு 3,60,000 ரூபாய். இலாபம் 1,15,000 ரூபாய். நிலையான செலவை 24ஆல் வகுத்தால், இலாபமும் நட்டமும் அற்ற புள்ளி 10,208 உருப்படிகள் என வருகிறது. ஆர்டர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் கூடம் தாக்குப்பிடிக்கும் என்பதே இவ்வெண் சொல்லும் செய்தி.

ஊதியத்துக்கு 50 ரூபாய் எப்படி வந்தது? முந்தைய மாத ஊதியம் 7,50,000 ரூபாயை அம்மாதம் தைத்த 15,000 உருப்படிகளால் வகுத்துப் பெற்ற எண் அது. இவ்வாறு வகுத்தால் எந்தச் செலவும் ‘உருப்படிக்கு இவ்வளவு’ என்ற உருவம் பெற்றுவிடும். வாடகையைக்கூட உருப்படிக்கு இத்தனை ரூபாய் என எழுதிவிடலாம். ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அடுத்த மாதம் ஆர்டர் 4,000 உருப்படிகள் குறைந்தால், இச்செலவும் அந்த மாதமே அதே விகிதத்தில் குறையுமா?

தையற்காரர்களைப் பொறுத்தவரை விடை, குறையாது என்பதே. அவர்கள் மாதச் சம்பளக்காரர்கள். வேலையில்லை என்று கைதேர்ந்த ஒருவரை இரண்டு வாரம் வீட்டுக்கு அனுப்பினால், அவர் சாலையின் மறுபுறத்திலுள்ள ஆலையில் சேர்ந்துவிடுவார். ஆர்டர் திரும்பும்போது ஆள் இருக்கமாட்டார். எனவே மெலிந்த மாதத்திலும் உரிமையாளர் சம்பளம் கொடுத்து அவர்களை வைத்துக்கொள்கிறார்.

இதற்குச் சான்று நம் கோப்பிலேயே இருக்கிறது. கடந்த 12 மாதங்களின் வருங்கால வைப்பு நிதிச் சலான்களையும் அம்மாதங்களில் தைத்த உருப்படிகளின் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கமாக எழுதிப் பார்க்கலாம். உருப்படிகள் 15,000க்கும் 11,000க்கும் இடையே ஏறி இறங்க, சலான் தொகை ஏறத்தாழ அசையாமல் நின்றால், அந்த ஊதியம் நிலையான செலவு. கடன் விண்ணப்பத்தை ஆராயும் அதிகாரியும் நடப்புக் கணக்கில் இதையே காண்பார்: வரவு குறைந்த மாதத்திலும் சம்பளப் பற்று குறையாமல் சென்றிருக்கும்.

நம் கூடத்தில் 40 பேருக்கும் சராசரியாகத் தலைக்கு 16,500 ரூபாய் வீதம் 6,60,000 ரூபாய் மாதச் சம்பளச் செலவு. வருங்கால வைப்பு நிதிக்கு உரிமையாளர் செலுத்தும் 12 விழுக்காடும், ஈ.எஸ்.ஐ.க்கான 3.25 விழுக்காடும், குறைந்தபட்ச போனஸ் 8.33 விழுக்காட்டுக்கான மாத ஒதுக்கீடும் இதில் அடக்கம். ஆண்டுக்கொரு முறை வழங்குவதால் போனஸை மாதக் கணக்கில் விட்டுவிடுவது அடிக்கடி காணப்படும் பிழை. எஞ்சிய 90,000 ரூபாய் மட்டுமே காஜா எடுத்தல், பட்டன் தைத்தல், பிசிர் வெட்டுதல் ஆகியவற்றுக்குப் பீஸ் ரேட்டில் கொடுத்த கூலி; உருப்படிக்கு 6 ரூபாய். இதுவே மெய்யாக மாறும் செலவு. தொழிலாளர் செலவு என்னும் ஒரே தலைப்பின் கீழ் இரு வேறு இயல்புள்ள செலவுகள் இருந்தன என்பது இப்போது தெரிகிறது.

மின்சாரம் இரண்டு இயல்பும் கலந்தது. பெஸ்காம் கட்டணப் பட்டியலிலேயே அனுமதிக்கப்பட்ட மின்பளுவுக்கான நிலைக் கட்டணம் ஒன்றும், பயன்படுத்திய யூனிட்டுக்கான கட்டணம் ஒன்றும் உள்ளன. யூனிட் கட்டணத்திலும் விளக்கும் மின்விசிறியும் தைக்கும் எண்ணிக்கையைப் பார்த்து ஓடுவதில்லை. பிரிப்பதற்கு எளிய வழி, அதிக உற்பத்தி மாதத்தையும் குறைந்த உற்பத்தி மாதத்தையும் ஒப்பிடுவது. 15,000 உருப்படிகள் தைத்த மாதத்தில் கட்டணம் 60,000 ரூபாய்; 11,000 தைத்த மாதத்தில் 52,000 ரூபாய் என்போம். 4,000 உருப்படிகளுக்கு 8,000 ரூபாய் வேறுபாடு. ஆக உருப்படிக்கு 2 ரூபாய் மாறும் செலவு. 15,000 உருப்படிகளுக்குரிய 30,000 ரூபாயை 60,000இலிருந்து கழித்தால், எஞ்சும் 30,000 ரூபாய் நிலையானது.

இம்முறை இரண்டே மாதங்களை நம்பி நிற்பதால், அவை இயல்பான மாதங்களாக இருத்தல் வேண்டும். இடையில் மின்கட்டணம் திருத்தப்பட்டிருந்தாலோ, மீட்டர் கணக்கெடுத்த நாளும் உற்பத்தி மாதமும் பொருந்தாமல் இருந்தாலோ விடை பிறழும். மின்வெட்டினால் ஜெனரேட்டர் அதிகம் ஓடிய மாதத்தில் உற்பத்தி குறைந்து டீசல் செலவு கூடியிருக்கும். அம்மாதத்தை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுப்பதே முறை. இடையிலுள்ள ஒரு மாதத்தின் கட்டணத்தைப் புதிய பிரிவின்படி கணித்துப் பார்த்து, உண்மைப் பட்டியலுக்கு அருகில் வருகிறதா எனச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இப்போது கணக்கைத் திருத்தி எழுதுவோம். மாறும் செலவு: பீஸ் ரேட் கூலி 6, பொருள்கள் 9, மின்சாரம் 2, வண்டி 3, மொத்தம் 20 ரூபாய். பங்களிப்பு 24 அன்று, 70 ரூபாய். நிலையான செலவு: 2,45,000உடன் சம்பளம் 6,60,000, மின்சாரம் 30,000 சேர்ந்து 9,35,000 ரூபாய். இலாப நட்டமற்ற புள்ளி 13,357 உருப்படிகள்.

| மாத உருப்படிகள் | முதல் கணக்கு | திருத்திய கணக்கு |
|---|---|---|
| 15,000 | இலாபம் ரூ. 1,15,000 | இலாபம் ரூ. 1,15,000 |
| 13,000 | இலாபம் ரூ. 67,000 | நட்டம் ரூ. 25,000 |
| 11,000 | இலாபம் ரூ. 19,000 | நட்டம் ரூ. 1,65,000 |

முதல் வரிசையை ஊன்றிக் கவனிக்க வேண்டும். திட்டமிட்ட அளவில் இரு கணக்குகளும் ஒரே இலாபத்தையே காட்டுகின்றன. ஆகையால்தான் இப்பிழை எளிதில் புலப்படுவதில்லை. உற்பத்தி திட்ட அளவை விட்டு விலகும்போதே அது வெளிப்படுகிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆர்டர் குறைந்தாலும் தாங்கும் என்று கருதிய கூடம், ஒன்பதில் ஒரு பங்கு குறைந்தாலே நட்டத்தின் விளிம்புக்கு வந்துவிடுகிறது. கடனின் அசல் தவணை இச்செலவுகளில் சேராது. அதற்கும் இந்த உபரியிலிருந்தே பணம் வர வேண்டும்.

திருத்திய கணக்கு எச்சரிக்கை மட்டும் தருவதில்லை. மெலிந்த மாதம் ஒன்றில் 2,000 உருப்படிகளை 55 ரூபாய்க்குத் தைக்கும் ஆர்டர் வருவதாகக் கொள்வோம். முதல் கணக்கின்படி உருப்படிக்கு 11 ரூபாய் நட்டம், மறுத்துவிடுவோம். உண்மையில் சம்பளம் எப்படியும் கொடுக்கப்படுவதால், உருப்படிக்கு 35 ரூபாய் வீதம் 70,000 ரூபாய் நிலையான செலவை அடைக்க உதவும். இயந்திரங்கள் வேலையின்றி நிற்கும் காலத்துக்கும், வழக்கமான வாடிக்கையாளரின் விலையை அது இறக்காத சூழலுக்கும் மட்டுமே இது பொருந்தும்.

மேல் பக்கத்திலும் ஓர் எல்லை உண்டு. 15,000க்கு மேல் தைக்கும் ஒவ்வொரு குர்த்தியும் 70 ரூபாய் தரும் என எழுதினால், திட்டம் மீண்டும் நம்பகம் இழக்கும். அதற்கு மேல் ஓவர்டைம் தேவை. சட்டப்படி அதற்கு இருமடங்கு ஊதியம். மாதச் சம்பளச் செலவு உருப்படிக்கு 44 ரூபாய். அதில் வைப்பு நிதி முதலியவை நீங்கிய கூலி ஏறத்தாழ 35 ரூபாய். அது இருமடங்கானால் 70 ரூபாய். 90 ரூபாயில் மாறும் செலவு 20ஐயும் இந்த 70ஐயும் கழித்தால் ஒன்றும் மிஞ்சாது. கூடுதலாக ஆட்களைச் சேர்த்தால், நிலையான செலவு ஒரு படி உயர்ந்து, இலாப நட்டமற்ற புள்ளியும் மேலே நகரும். எனவே பங்களிப்பு எந்த உற்பத்தி அளவுக்குள் செல்லும் என்பதையும் அறிக்கையில் குறிப்பிட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அது 11,000 முதல் 15,000 வரை.

நிலையான செலவு என்றால் என்றும் மாறாத செலவு எனவும் பொருள் கொள்ளலாகாது. கர்நாடகத்தில் குறைந்தபட்ச ஊதியத்துக்கான அகவிலைப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் திருத்தப்படுகிறது. உருப்படிகள் கூடினாலும் குறைந்தாலும் அந்த உயர்வு வந்தே தீரும். 40 பேரின் சம்பளச் செலவு 5 விழுக்காடு உயர்ந்தால் மாதம் 33,000 ரூபாய் கூடும். அதனை ஈடுகட்ட, தையற்கூலி உயராத நிலையில், மேலும் 471 உருப்படிகள் தைக்க வேண்டும். அப்போது இலாப நட்டமற்ற புள்ளி 13,829ஐத் தொடும். இரண்டாம் ஆண்டுக் கணக்கை எழுதும்போது இதனைச் சேர்த்தல் அவசியம்.

வங்கிக்கு வரும் வாடிக்கையாளர்கள் தம் அறிக்கையுடன் மூன்று இணைப்புகளைக் கொண்டுவந்தால் போதும்: 12 மாத உருப்படி எண்ணிக்கை, அதே மாதங்களின் வருங்கால வைப்பு நிதிச் சலான்கள், மின்கட்டணப் பட்டியல்கள். இம்மூன்றையும் ஒரே தாளில் மாத வாரியாக எழுதி, மேலே கண்டது போன்ற மூவரிசைப் பட்டியலையும் சேர்த்தால், பங்களிப்பு எவ்வாறு வந்தது என்பதை அதிகாரி தாமே சரிபார்த்துக்கொள்ள இயலும். நட்டம் காட்டும் வரிசையை மறைக்க வேண்டியதில்லை. அந்த மாதங்களில் தவணையை எதிலிருந்து செலுத்துவோம் என்று அருகிலேயே எழுதிவிட்டால், தவணை அளவையும் தொடக்க விலக்குக் காலத்தையும் அதற்கேற்ப வகுப்பது குறித்துப் பேச்சைத் தொடங்கலாம்.